ஒற்றை விலை வரைபடப் படமும் அதன் சான்று மதிப்பும்

பங்குச் சந்தை விவாதங்களில் விலை வரைபடத்தின் ஒரு ஸ்கிரீன்ஷாட்டே முழுச் சான்றாக முன்வைக்கப்படுவதுண்டு. அதிலுள்ள விலை எப்படிக் கணக்கிடப்பட்டது என்பது படத்துக்கு வெளியே இருக்கும் செய்தி. அதை அறியாமல் எந்தக் கருத்துக்கும் வர இயலாது என்பது என் வாதம். ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் பங்கை எடுத்துக்கொள்வோம். 2024 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை 2,650 ரூபாய்க்குச் சற்று மேலே முடிந்த பங்கு, 28ஆம் தேதி திங்களன்று 1,330 ரூபாயை ஒட்டிக் கைமாறியது. திருத்தப்படாத வரைபடத்தில் இது பாதிக்குப் பாதி வீழ்ச்சி. உண்மையில் அன்று ஒரு பங்குக்கு ஒரு போனஸ் பங்கு என்ற கணக்கு நடைமுறைக்கு வந்தது. வைத்திருந்தவரின் ஒரு பங்கு இரண்டானது. அவருடைய மொத்த மதிப்பில் பெரிய மாற்றம் ஏதுமில்லை.

பழைய விலைகளைப் பாதியாக்கித் திருத்திய வரைபடத்தில் இந்த வீழ்ச்சி மறைந்துவிடும். ஆனால் அதுவும் முழு உண்மையைச் சொல்வதில்லை. 2024 ஜூலையில் 3,000 ரூபாய்க்கு வாங்கியவரின் விலை, அதில் 1,500 ஆகத் தெரியும். 1,500 என்ற முழு எண்ணில் வாங்குவோர் திரண்டிருந்தார்கள் என்று அங்கே ஆதரவுக் கோடு வரைபவர், அன்று எவரும் கொடுத்திராத ஒரு விலையைக் கொண்டு மனித மனத்தை விளக்க முற்படுகிறார்.

பாதியான விலையை அனுபவசாலி உடனே கண்டுகொள்வார் என்று மறுக்கலாம். சரிதான், அது எளிய வழக்கு. 2023 ஜூலை 20 அன்று ஜியோ பைனான்சியல் பிரிக்கப்பட்டபோது அதே பங்கின் விலை 2,841.85 ரூபாயிலிருந்து 2,580 ஆனது. ஒன்பது விழுக்காட்டுச் சரிவு, கெட்ட செய்தி வந்த சாதாரண நாளைப் போலவே தோன்றும். குறைந்த 261.85 ரூபாய், பிரிந்த நிறுவனத்தின் பங்காகப் பங்குதாரருக்கு உரியதாயிற்று. இதை எந்தக் கூரிய கண்ணும் படத்திலிருந்து படிக்க முடியாது.

அச்சின் அளவுகோலும் இப்படித்தான். 1992 ஏப்ரல் 28இல் சென்செக்ஸ் 570 புள்ளிகள் இழந்தது. 2024 ஜூன் 4இல் ஏறத்தாழ 4,390 புள்ளிகள். சாதாரண அளவுகோலில் முன்னது கண்ணுக்கே படாது, பின்னது பள்ளமாகத் தெரியும். விழுக்காட்டில் முன்னது 12க்கும் மேல், பின்னது 6க்கும் கீழ். சம விழுக்காட்டைச் சம உயரமாகக் காட்டும் மடக்கை அளவுகோலில் இந்த வரிசை தலைகீழாகும்.

‘எல்லாச் செய்தியும் விலையிலேயே அடங்கியிருக்கிறது’ என்பது தொழில்நுட்பப் பகுப்பாய்வாளரின் பழைய நிலைப்பாடு. வாதத்துக்காக அதை ஏற்றாலும், அது சந்தையில் கைமாறிய விலைக்கே பொருந்தும். திருத்தியும் வெட்டியும் ஒருவர் தேர்ந்தெடுத்த படத்துக்குப் பொருந்தாது. நாள் முடியுமுன் எடுத்த படத்தில் கடைசிக் கேண்டில் இன்னும் உருவாகிக்கொண்டிருப்பதை இவர்கள் ஏனோ பெரிதுபடுத்துவதில்லை.

போனஸ், பிரிப்பு, ஈவுத்தொகை அறிவிப்புகள் அனைத்தும் தேசியப் பங்குச் சந்தை, மும்பை பங்குச் சந்தை ஆகியவற்றின் இணையதளங்களில் தேதியோடு கட்டணமின்றிக் கிடைக்கின்றன. வரைபடத்தைச் சான்றாகக் காட்டுபவர், அது திருத்திய விலையா என்பதையும் படம் எடுத்த நேரத்தையும் உடன் தர வேண்டும். தராத படத்தை ஆய்வில் ஏற்கக் கூடாது.