சுழிவரிசைக்கு வழி உண்டா? சமச்சீர் கூறுகளும் ஓர் எர்த் ஃபால்ட்டும்

மும்முனை மின்னமைப்பில் மூன்று கம்பிகளும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டால் கணக்கு எளிது. மூன்று பேஸ்களும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதால், ஒரு பேஸுக்கு மட்டும் கணக்கிட்டு மற்ற இரண்டையும் 120 பாகை தள்ளி எழுதிவிடலாம். ஆனால் களத்தில் அடிக்கடி நேர்வது அதுவல்ல. ஒரு பேஸ் மட்டும் மரக்கிளையில் உரசி நிலத்தைத் தொடுவதுதான். அப்போது சமநிலை குலைகிறது. ஒரு பேஸின் மின்னோட்டம் மற்றொன்றின் மின்னழுத்தத்தைப் பாதிக்கிறது, ஜெனரேட்டரும் மின்மாற்றியும் பாதையும் பின்னிப்பிணைந்த சமன்பாடுகளாகிவிடுகின்றன.

இந்தப் பின்னலை அவிழ்த்தவர் சார்லஸ் லெகேட் ஃபோர்டெஸ்கியூ. கனடாவின் ஹட்சன் விரிகுடாக் கரையில் உள்ள யார்க் ஃபாக்டரியில் 1876இல் பிறந்து, அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். சமநிலையற்ற மின்னழுத்தத்தில் இண்டக்‌ஷன் மோட்டார் எப்படி இயங்கும் என்ற கேள்வியிலிருந்து தொடங்கிய அவரது ஆய்வு, 1918இல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த அமெரிக்க மின்பொறியாளர் கழக மாநாட்டில் நீண்ட கட்டுரையாக வெளிவந்தது.

அவர் கண்டது இதுதான்: எந்தச் சமநிலையற்ற மூன்று மின்னோட்டங்களையும் மூன்று சமச்சீர்த் தொகுதிகளின் கூட்டலாக எழுதலாம். வழக்கமான ஆர், ஒய், பி வரிசையில் சுழல்வது நேர்வரிசை. அதற்கு மாறான வரிசையில் சுழல்வது எதிர்வரிசை. மூன்று பேஸிலும் ஒரே நேரத்தில், ஒரே திசையில், ஒரே அளவில் இருப்பது சுழிவரிசை. ஆர், ஒய், பி பேஸ்களின் மின்னோட்டங்களை முறையே Ia, Ib, Ic என்றும், 120 பாகை திருப்பும் குறியை a என்றும் கொண்டால்,

```
I0 = (Ia + Ib + Ic) / 3
I1 = (Ia + a·Ib + a²·Ic) / 3
I2 = (Ia + a²·Ib + a·Ic) / 3
```

மின்பாதையும் இயந்திரங்களும் மூன்று பேஸுக்கும் ஒரே மாதிரி அமைந்திருந்தால், நேர்வரிசை மின்னோட்டம் நேர்வரிசை மின்னழுத்த வீழ்ச்சியை மட்டுமே உண்டாக்கும். மற்ற இரண்டும் அப்படியே. ஆகவே பின்னிய ஒரே வலையமைப்புக்குப் பதிலாக, தனித்தனியான மூன்று எளிய வலையமைப்புகள் கிடைக்கின்றன. அவற்றை இணைப்பது ஃபால்ட் நடந்த இடம் மட்டுமே.

ஆர் பேஸ் நிலத்தைத் தொட்டதாகக் கொள்வோம். ஃபால்ட் இடத்தில் மற்ற இரு பேஸ்களிலிருந்தும் மின்னோட்டம் வெளியேறுவதில்லை, Ib = Ic = 0. மேலே உள்ள சூத்திரங்களில் இட்டால் I0, I1, I2 மூன்றும் Ia/3 ஆகிவிடும். ஒரே மின்னோட்டம் மூன்றிலும் ஓடுகிறது என்றால் மூன்று வலையமைப்புகளும் தொடராக நிற்கின்றன என்றே பொருள். அதனால்

```
Ia = 3E / (Z1 + Z2 + Z0 + 3Rf)
```

ஃபால்ட் தடை Rf மூன்று மடங்காக வருவதற்குக் காரணம் உண்டு. அதன் வழியே ஓடுவது 3I0. சுழிவரிசை வலையமைப்பில் ஓடுவதோ I0 மட்டும். வீழ்ச்சி சரியாக வரவேண்டுமானால் தடையை மும்மடங்காக்க வேண்டும். ஸ்டார் நடுமுனையை நிலத்தோடு இணைக்கும் தடைக்கும் இதே விதிதான்.

இதை ஒரு துணை மின்நிலையத்தில் பொருத்திப் பார்ப்போம். 33/11 கிலோவோல்ட், 10 எம்.வி.ஏ. மின்மாற்றி, 33 பக்கம் டெல்டா, 11 பக்கம் நடுமுனை நேரடியாக நிலத்தில் இணைந்த ஸ்டார். மின்மாற்றியின் மறிப்பு 8 சதவீதம், 33 கிலோவோல்ட் பஸ்பாரின் ஃபால்ட் மட்டம் 500 எம்.வி.ஏ. 10 எம்.வி.ஏ. அடிப்படையில் மூலத்தின் மறிப்பு 0.02; மின்மாற்றியுடன் சேர்த்து Z1 = Z2 = 0.10. ஆனால் Z0 வெறும் 0.08தான். டெல்டா சுற்றுக்குள்ளேயே சுழிவரிசை மின்னோட்டம் சுற்றிவந்துவிடுவதால், 33 பக்கத்து மூலம் அந்தக் கணக்கில் சேராது.

11 கிலோவோல்ட் பஸ்பாரில் மும்முனை ஃபால்ட் வந்தால் மின்னோட்டம் 1/0.10, அதாவது முழுச்சுமை மின்னோட்டமான 525 ஆம்பியரின் 10 மடங்கு, 5,250 ஆம்பியர். ஒரு பேஸ் மட்டும் நிலத்தைத் தொட்டால் 3/0.28, சுமார் 5,625 ஆம்பியர். மூன்று பேஸும் சேர்ந்து கெடுவதைவிட ஒரு பேஸ் கெடுவது இங்கே கடுமையானது! பிரேக்கரின் திறனை மும்முனை ஃபால்ட்டை மட்டும் வைத்துத் தீர்மானிக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

இதே ஃபால்ட்டை 33 பக்கத்திலிருந்து பார்த்தால் தோற்றம் மாறிவிடுகிறது. சுழிவரிசை டெல்டாவைத் தாண்டி வெளியே வராது. நேர்வரிசையும் எதிர்வரிசையும் மட்டும் கடக்கின்றன, ஒன்று 30 பாகை முன்னும் மற்றொன்று 30 பாகை பின்னுமாக. இரண்டையும் கூட்டினால் இரு பேஸ்களில் எதிரெதிர்த் திசையில் சுமார் 1,080 ஆம்பியர், மூன்றாவதில் சுழி. 11 பக்கத்து மும்முனை ஃபால்ட்டுக்கு இதே இடத்தில் ஓடுவது 1,750 ஆம்பியர். ஸ்டார் பக்கம் பெரிதாக இருந்த ஃபால்ட், டெல்டா பக்கம் சிறிதாகவும், பேஸுக்கும் பேஸுக்கும் இடையே நடந்ததுபோலவும் தெரிகிறது. மூன்று பேஸ்களின் கூட்டுத்தொகை சுழியாதலால் 33 பக்கத்து எர்த் ஃபால்ட் ரிலே அசையாது. அதன் பொறுப்பு 33 கிலோவோல்ட் பக்கத்தோடு முடிகிறது என்பதால் இது நல்லதே. ஆனால் 11 பக்கத்தில் தனிக் காவல் இல்லாமல் முடியாது.

இப்போது ஃபீடரில் 10 கிலோமீட்டர் தள்ளிப் போவோம். பாதையின் நேர்வரிசை மறிப்பு 0.30 என்றும், நிலத்தின் வழியே திரும்பவேண்டியிருப்பதால் சுழிவரிசை மறிப்பு அதன் மும்மடங்கான 0.90 என்றும் கொள்வோம். மும்முனை ஃபால்ட் 1,312 ஆம்பியர். எர்த் ஃபால்ட் 3/1.78, சுமார் 885 ஆம்பியர். பஸ்பாரில் இருந்த வரிசை இங்கே தலைகீழாகிவிட்டது. ஃபால்ட் ஒன்றுதான்; சுழிவரிசைப் பாதைதான் வேறு.

அறுந்த கம்பி வறண்ட மண்ணில் விழுந்து 100 ஓம் தடை இருந்தால் மின்னோட்டம் சுமார் 63 ஆம்பியராகக் குறைகிறது. 200 ஆம்பியர் சுமை ஓடும் ஃபீடரில் ஓவர் கரண்ட் ரிலேவுக்கு இது கண்ணிலேயே படாது. எர்த் ஃபால்ட் ரிலே இதைப் பிடிப்பது, மூன்று சி.டி.க்களின் கூட்டுத்தொகையான 3I0-ஐ மட்டும் அது பார்ப்பதால்தான். பகிர்மான மின்மாற்றிகளின் 11 கிலோவோல்ட் பக்கம் டெல்டாவாக இருப்பதால், தெருவில் ஒரு பேஸில் சுமை கூடினாலும் ஃபீடரில் சுழிவரிசை எழாது. எனவே ரிலேவைச் சுமைக்கு வெகு கீழே, 40 ஆம்பியரில்கூட நிறுத்திவைக்கலாம்.

எல்லையும் இங்கேயே தெரிகிறது. தடை 500 ஓம் ஆனால் மின்னோட்டம் 13 ஆம்பியர். 40இல் நிற்கும் ரிலே அறியாது, கம்பி உயிரோடு தரையில் கிடக்கும். உண்மையான வில்பொறியின் தடை நிலையாக இருப்பதுமில்லை. Rf என்று ஓர் எண்ணை எழுதும்போதே நாம் அதை எளிமையாக்கிவிடுகிறோம். பாதையின் கம்பிகள் இடம் மாற்றிக் கட்டப்படாதிருந்தால் மூன்று வலையமைப்புகளும் முழுவதும் பிரியாது. ஒன்றின் மின்னோட்டம் மற்றொன்றில் சிறிது கசியும்.

ஆகவே எர்த் ஃபால்ட் கணக்குக்கு உட்காரும் பொறியாளர் முதலில் வரையவேண்டியது சுழிவரிசை வலையமைப்பையே. ஒவ்வொரு மின்மாற்றியிலும் எந்தப் பக்கம் டெல்டா, எந்தப் பக்கம் ஸ்டார், நடுமுனை நிலத்தில் இணைந்திருக்கிறதா, இடையில் தடை உண்டா என்று பார்த்து, I0 திரும்பிவரும் வழியைக் கோடு கோடாக வரைந்துவிட்டால், எந்த ரிலே பார்க்கும், எது பார்க்காது என்பது எண்களை இடுவதற்கு முன்பே தெளிவாகிவிடும்.