காற்றழுத்தமானி: மில்லிபார், ஹெக்டோபாஸ்கல், அங்குலம் - மாற்றிப் படிப்பது எப்படி?

வானிலை அறிக்கையில் காற்றழுத்தத்தை ஹெக்டோபாஸ்கலில் சொல்கிறார்கள். உங்கள் காற்றழுத்தமானியில் மில்லிபார் என்றிருந்தால் கணக்கே வேண்டாம். இரண்டும் ஒரே அளவு, பெயர்தான் வேறு.

பழைய கருவிகளில் பாதரச அங்குலம் இருக்கும். அதை 33.86ஆல் பெருக்கினால் ஹெக்டோபாஸ்கல், ஹெக்டோபாஸ்கலை 33.86ஆல் வகுத்தால் அங்குலம். புள்ளிக்குப் பின் வரும் இரண்டு இலக்கங்களையும் விடாதீர்கள். 29.80ஐ 30 என்று எடுத்தால் 7 ஹெக்டோபாஸ்கல் பிசகும்.

நாகப்பட்டினம் பக்கம் காலை 10 மணிக்கு முள் 29.80இல் நிற்கிறது என்று வையுங்கள். 29.80 × 33.86 = 1009. மாலை 4 மணிக்கு 29.70, அதாவது 1005.6. மூன்றரை குறைந்துவிட்டதே என்று பதற வேண்டாம். நம் பகுதியில் அழுத்தம் தினமும் காலை 10 மணி வாக்கில் ஏறி, மாலை 4 மணி வாக்கில் இறங்கும். அதனால் நேற்றைய அதே மணி அளவோடுதான் ஒப்பிட வேண்டும். மறுநாள் காலை 10 மணிக்கு 29.56 (சுமார் 1001) காட்டினால், ஒரே நாளில் 8 குறைந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் இப்படி இறங்கினால் உடனே புயல் அறிவிப்பைப் பாருங்கள்.

மேட்டுப் பகுதியினருக்கு ஒன்று. கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரமுள்ள கோவையில், திருத்தாத கருவி சாதாரண நாளிலேயே சுமார் 965 காட்டும். அது புயல் அல்ல, ஊரின் உயரம். அறிக்கையில் வருவது பொதுவாகக் கடல் மட்டத்துக்குக் கணக்கிட்ட அளவு. காற்று அடங்கிய நாளில், அருகிலுள்ள நிலையத்தின் அதே நேர அளவுக்கு, கருவியின் பின்புறத் திருகைத் திருப்பி முள்ளைச் சரிசெய்துகொள்ளுங்கள்.