சுங்குடிச் சேலை

மதுரையில் சௌராஷ்டிரச் சமூகத்தார் வளர்த்த, முடிச்சிட்டுச் சாயமேற்றும் புள்ளிப் பருத்திச் சேலை. 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது.

வெள்ளைத் துணியைக் கட்டம்போல் மடித்துப் புள்ளி வைக்கவேண்டிய இடங்களைக் குறித்துக்கொள்வார்கள். குறித்த இடத்தில் துணியை நகநுனியால் கிள்ளித் தூக்கி, அடியில் நூலை இறுக்கிச் சுற்றுவார்கள். இவ்வேலை பெரும்பாலும் வீட்டிலிருக்கும் பெண்கள் கையில்தான். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள் விழும். கட்டி முடிக்க நாட்கள் பல ஆகும்.

சாயத்தொட்டியில் முக்கும்போது நூல் நெரித்த இடத்துக்குள் சாயம் புகுவதில்லை. நூலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியும் நிறம் குடித்துவிடும். முடிச்சை அவிழ்த்துத் துணியை விரித்தால் நடுவில் சாயப்பொட்டும் அதைச் சுற்றி வெள்ளை வளையமும் தெரியும். நுனியையும் நூலால் மூடியிருந்தால் வளையமில்லாத வெள்ளைப் புள்ளியே மிஞ்சும். கட்டு தளர்ந்தால் சாயம் கசிந்து வளையம் மங்கும். அவிழ்க்கும்போது அவசரப்பட்டால் மெல்லிய துணி கிழியும். இரண்டு நிறம் வேண்டுமானால், வெளிர்நிறத்தில் முதலில் முக்கி, அந்நிறம் நிற்கவேண்டிய இடங்களைக் கட்டி, பிறகு அடர்நிறத்தில் முக்க வேண்டும்.

இன்று சுங்குடி என்று விற்பவற்றில் பெரும்பகுதி மெழுகு அச்சு வைத்தோ, நேரடியாக அச்சிட்டோ செய்தவை. அவற்றின் புள்ளிகள் ஒரே அளவில், விளிம்பு கூராக இருக்கும். கைக்கட்டில் எந்த இரு வளையமும் ஒன்றுபோல் இராது. முதல் சலவைக்கு முன் புள்ளியிருக்கும் இடம் சற்றே மேடிட்டு, விரலுக்குத் தட்டுப்படும்.