தொடர் மாறுபாட்டு முறை

தொடர் மாறுபாட்டு முறை என்பது, நிறமுள்ள ஓர் அணைவுச் சேர்மத்தில் ஓர் உலோக அயனியுடன் எத்தனை ஈனிகள் இணைந்துள்ளன என்பதைக் கரைசலின் ஒளி உட்கவர்தலை அளந்து கண்டறியும் வழியாகும். பிரெஞ்சு வேதியியலாளர் பால் ஜோப் 1928-இல் வெளியிட்ட ஆய்வால் இது பரவலாக அறியப்பட்டது. அதனால் 'ஜோப் முறை' என்றும் அழைக்கப்படுகிறது. உலோகத்தின் மோல்களையும் ஈனியின் மோல்களையும் கூட்டினால் வரும் தொகையை மாற்றாமல், அவற்றின் பங்கை மட்டும் படிப்படியாக மாற்றுவதே இதன் அடிப்படை. உலோகம் குறைவாக உள்ள கலவையில் ஈனி மிஞ்சும். ஈனி குறைவாக உள்ளதில் உலோகம் மிஞ்சும். இரண்டும் மிஞ்சாமல் சரியாகப் பொருந்தும் கலவையில்தான் அணைவு மிகுதியாக உருவாகும், நிறமும் அங்கேதான் அடர்த்தியாக இருக்கும்.

இரும்பு(II) அயனியும் 1,10-பினாந்த்ரோலினும் சேர்ந்து தரும் செந்நிற அணைவு இம்முறைக்குத் தெளிவான எடுத்துக்காட்டு. மோர் உப்பிலிருந்து இரும்புக் கரைசலும், தனியே பினாந்த்ரோலின் கரைசலும் 0.0005 மோலார் செறிவில் தயாரிக்கப்படுகின்றன. பினாந்த்ரோலின் குளிர்ந்த நீரில் மெதுவாகவே கரையும். சற்றுச் சூடாக்கினால் எளிதில் கரைந்துவிடும். பிறகு 25 மி.லி. அளவுக் குடுவைகளில், இரண்டு கரைசல்களும் சேர்ந்து 10 மி.லி. வருமாறு வெவ்வேறு அளவுகளில் எடுக்கப்படுகின்றன. இரும்பு 1 மி.லி. என்றால் ஈனி 9 மி.லி., இரும்பு 4 என்றால் ஈனி 6. ஒவ்வொரு குடுவையிலும் ஈனியைச் சேர்ப்பதற்கு முன்பே, இரும்பை இரண்டாம் இணைதிற நிலையில் நிறுத்திவைக்க ஹைட்ராக்சிலமீன் ஹைட்ரோகுளோரைடும், pH-ஐ 4-க்கு அருகில் வைக்க அசிட்டேட் தாங்கல் கரைசலும் ஒரே அளவில் விடப்படுகின்றன. குறிவரை நீர் நிரப்பி, நிறம் முழுமையடையச் சுமார் கால் மணி நேரம் வைத்திருந்து, 1 செ.மீ. செல்லில் 510 நானோமீட்டரில் உட்கவர் அளவு எடுக்கப்படுகிறது.

இந்த அணைவின் மோலார் உட்கவர் மதிப்பு ஏறத்தாழ 11,100. இதைக் கொண்டு கணக்கிட்டால், இரும்பு 1 மி.லி. உள்ள குடுவை 0.22, 2 மி.லி. உள்ளது 0.44, 2.5 மி.லி. உள்ளது 0.56 என அளவு ஏறிச் செல்ல வேண்டும். அதன் பிறகு ஈனி பற்றாமல் போவதால் 4 மி.லி.யில் 0.44, 6 மி.லி.யில் 0.30, 8 மி.லி.யில் 0.15 என இறங்கும். இவற்றை வரைபடமாக்கினால் ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சரிவாகவும் உள்ள கூரை போன்ற வடிவம் கிடைக்கிறது. இரு நேர்கோடுகளும் சந்திக்கும் இடத்தில் இரும்பின் மோல் பின்னம் 0.25, ஈனியின் மோல் பின்னம் 0.75. பின்னதை முன்னதால் வகுத்தால் வரும் 3-தான் விடை: ஓர் இரும்புக்கு மூன்று பினாந்த்ரோலின்.

அணைவு உறுதியானதாக இருப்பதால்தான் இங்கே கூரையின் முகடு கூர்மையாக அமைகிறது. உறுதி குறைந்த அணைவுகள் ஓரளவு பிரிந்துவிடுவதால் முகடு மழுங்கிய வளைவாகத் தெரியும். அப்போது முகட்டைக் கண்ணால் குறிப்பது நம்பத்தக்கதல்ல. வரைபடத்தின் இரு ஓரங்களிலுமுள்ள நேர்ப்பகுதிகளை நீட்டி, அவை வெட்டிக்கொள்ளும் இடத்தையே கொள்ள வேண்டும்.

பிழை பெரும்பாலும் கரைசல்களின் செறிவில்தான் நுழைகிறது. மேற்கண்ட சோதனையில் பினாந்த்ரோலின் கரைசல் உண்மையில் 0.00045 மோலார் மட்டுமே என்று கொண்டால், முகடு 0.25-லிருந்து 0.23-க்கு நகர்ந்து, விகிதம் 3.3 என்று வரும். முழு எண்ணுக்குப் பக்கத்தில் இல்லாத விடை கிடைத்தால் முதலில் ஐயப்பட வேண்டியது கரைசலைத்தான். விகிதம் உயர உயர இந்தச் சிக்கல் கூடும். 1:3-க்கும் 1:4-க்கும் இடையே ஈனியின் மோல் பின்னம் 0.75-லிருந்து 0.80-க்கு மட்டுமே மாறுகிறது; 1:1-க்கும் 1:2-க்கும் இடையிலோ அது 0.50-லிருந்து 0.67-க்கு மாறுகிறது. தனி உலோகமோ தனி ஈனியோ அதே அலைநீளத்தில் ஒளியை உட்கவர்ந்தால், அந்தப் பங்கைக் கழித்த பின்னரே வரைய வேண்டும். வரைபடத்தின் முனைகள் சுழியைத் தொடாமல் நின்றால் அதுவே காரணம்.

கரைசலில் ஒரே ஓர் அணைவு உருவாகும்போது மட்டுமே இம்முறை நேர்மையான விடை தரும். இரும்பு(III)-சாலிசிலேட்டில், pH 2-க்கு அருகே ஊதா நிற 1:1 அணைவு கிடைக்கிறது. pH உயர்ந்தால் நிறம் மாறி, ஈனி அதிகமுள்ள அணைவுகள் தோன்றுகின்றன. எனவே pH-ஐக் குறிப்பிடாமல் சொல்லப்படும் விகிதத்துக்குப் பொருளில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட அணைவுகள் உள்ளனவா என்பதை அறிய, சோதனையை வெவ்வேறு அலைநீளங்களில் செய்து பார்க்கலாம் என்று வாஸ்பர்க், கூப்பர் இருவரும் 1941-இல் காட்டினர். அலைநீளத்தோடு முகடும் இடம் மாறினால் அணைவு ஒன்றல்ல. முகடு நகராமல் நின்றாலும், ஓர் உலோகமும் ஓர் ஈனியும் சேர்ந்த அணைவுக்கும், இரண்டிரண்டாகச் சேர்ந்ததற்கும் முகடு ஒரே இடத்தில், 0.50-இல்தான் விழும். இம்முறை தருவது விகிதத்தை மட்டுமே, மூலக்கூறு வாய்பாட்டை அல்ல.