தமிழ் மாதத் தேதிகளை ஆண்டு-மாதம்-நாள் வடிவிற்கு மாற்றுதல்: மின்வருடல் செய்யப்பட்ட பதிவேடுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பழைய கணக்கேடுகளிலும் பத்திரப் பதிவுகளிலும் வருடப் பெயர், தமிழ் மாதம், தேதி, கிழமை என்னும் நான்கு உறுப்புகளால் நாள் குறிக்கப்படுகிறது. இவற்றை மின்வருடல் செய்து தரவுத்தளமாக்கும்போது ஒவ்வொரு நாளையும் ஆண்டு-மாதம்-நாள் என்னும் பொதுவடிவிற்கு மாற்ற வேண்டியுள்ளது. இம்மாற்றத்தில் பிழை நேரும் இடங்களையும், அவற்றைக் கண்டறியக் கிழமை எவ்வாறு துணைசெய்கிறது என்பதையும் இக்கட்டுரை இரு தேதிகளைக் கொண்டு ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தமிழ் மாதம், அறுபதாண்டுச் சுழற்சி, சங்கராந்தி, வாக்கியக் கணிதம், கிழமை

முன்னுரை

சித்திரை ஏப்ரல் நடுவில் பிறக்கிறது என்பதைக் கொண்டு, தமிழ்த் தேதியுடன் ஒரு நிலையான எண்ணைக் கூட்டி ஆங்கிலத் தேதியைப் பெறும் வழக்கம் உள்ளது. அண்மைக்கால ஆவணங்களுக்கு அது ஓரளவு பொருந்தும். நூற்றாண்டுகள் பின்னோக்கிச் செல்லச் செல்லப் பொருந்தாது. தமிழ் வருடம் விண்மீன்களை அடிப்படையாகக் கொண்டது. வாக்கிய முறையில் அதன் அளவு 365 நாள் 15 நாழிகை 31¼ விநாடி. கிரிகோரியன் ஆண்டு இதனினும் சிறிது குறைந்தது. எனவே 1736இல் ஏப்ரல் 9 அன்று பிறந்த சித்திரை, 1867இல் ஏப்ரல் 12 அன்று பிறந்தது. இன்று ஏப்ரல் 14 அன்று பிறக்கிறது. இன்றைய நாட்காட்டியை அளவுகோலாகக் கொண்டு பதினெட்டாம் நூற்றாண்டுப் பதிவை மாற்றினால் ஐந்து நாள் வரை பிழை நேரும்.

பதிவை வாசித்தல்

கணக்கிடுதலுக்கு முன் நிற்பது வாசிப்பு. பதிவேடுகளில் வருடம் ௵ என்றும், மாதம் ௴ என்றும், நாள் ௳ என்றும் குறியீட்டால் எழுதப்படும். எண்கள் பெரும்பாலும் தமிழ் எண்களாகவே இருக்கும். இருபத்தைந்து என்பது ௨௰௫ என வரும். தமிழ் எண்கள் பல எழுத்துகளை ஒத்திருப்பதால் ௨ என்பதும் உகரமும், ௭ என்பதும் எகரமும், ௮ என்பதும் அகரமும் எழுத்துணரியாலும் படியெடுப்பவராலும் மாற்றி வாசிக்கப்படுகின்றன.

இவற்றுள் மிகுந்த இடர் தருவது நாட்குறியீடாகும். அச்சுப் பதிப்புகளில் இக்குறியீட்டை ‘உ’ எனப் பெயர்த்தெழுதும் வழக்கம் உண்டு. அவ்வுகரத்தை மென்பொருள் ௨ என்னும் எண்ணாகக் கொண்டால் ‘௩ ௳’ என்னும் மூன்றாந்தேதி 32 ஆகிவிடும். கார்த்திகையிலோ மாசியிலோ 32ஆம் தேதி இருக்க இயலாது என்பதால் அங்கு இப்பிழை தானே வெளிப்படும். ஆனால் வைகாசி, ஆனி, ஆடி ஆகிய மாதங்களுக்கு 32 நாள் வரக்கூடும். அம்மாதங்களில் 32 என வாசிக்கப்பட்ட ஒவ்வொரு பதிவையும் படிமத்துடன் மீண்டும் ஒப்பிட வேண்டும். முந்தைய, பிந்தைய பதிவுகளின் தேதிகளும் இங்குத் துணைபுரியும்.

வருடப் பெயர்களிலும் இத்தகைய மயக்கம் உண்டு. ஹேவிளம்பியும் விளம்பியும் அடுத்தடுத்த வருடங்கள். ஏட்டின் ஓரம் சிதைந்து முதலெழுத்து மறைந்தால் ஓராண்டு பிறழும். விரோதிக்கும் விரோதிகிருதுவிற்கும் இடையிலோ இருபத்திரண்டு ஆண்டுகள் உள்ளன.

வருடத்தை உறுதிசெய்தல்

அறுபது வருடப் பெயர்களும் சுழன்று வருவதால், பெயர் மட்டும் ஆண்டைத் தீர்மானிப்பதில்லை. பிரபவ வருடம் 1807, 1867, 1927 ஆகிய ஆண்டுகளின் ஏப்ரலில் தொடங்கியது. மேலும், தமிழ் வருடம் இரண்டு ஆங்கில ஆண்டுகளில் பரவி நிற்கிறது. ‘பிரபவ வருஷம் தை 5 வெள்ளிக்கிழமை’ என ஒரு பதிவு இருப்பதாகக் கொள்வோம். பிரபவ என்பதை 1867 என மட்டும் குறித்து வைத்தால் தை மாதம் 1867 ஜனவரிக்குச் சென்றுவிடும். அவ்வாறு வரிசைப்படுத்திய பட்டியலில், சித்திரையில் வாங்கிய கடன் அதற்கு மூன்று மாதம் முன்பே அடைக்கப்பட்டதாகத் தோன்றும். உண்மையில் பிரபவ தை என்பது 1868 ஜனவரியில் தொடங்குவதாகும்.

மூன்று சுழற்சிகளுள் எது என்பதைக் கிழமை காட்டும். அறுபது தமிழ் வருடங்களின் மொத்த நாள் 21,915½க்குச் சற்று மிகுதி. ஏழால் வகுக்க மீதி ஐந்தரை எஞ்சும். ஆகவே ஒரே வருடப் பெயரும் ஒரே தேதியும் அடுத்த சுழற்சியில் ஐந்து அல்லது ஆறு கிழமை தள்ளியே வரும். அதே கிழமையில் வருவதில்லை. தை 5 என்பது 1808இல் சனிக்கிழமை, 1868இல் வெள்ளிக்கிழமை, 1928இல் புதன்கிழமை. பதிவில் வெள்ளி என இருத்தலால் 1868 பொருந்துகிறது. ஆறு கிழமை முன்னே செல்வதும் ஒரு கிழமை பின்னே வருவதும் ஒன்றே என்பதால், ஒருநாள் வாசிப்புப் பிழை இருப்பின் பக்கத்துச் சுழற்சி சரியெனத் தோன்றவும் கூடும். ஆகையால் ஒரே பதிவை நம்பாது, அதே ஏட்டின் பல பதிவுகளின் கிழமைகளைச் சேர்த்தே சுழற்சியை முடிவுசெய்தல் வேண்டும்.

மாதத்தின் முதல் நாளைக் கணித்தல்

சூரியன் ஒரு ராசியில் புகும் சங்கராந்தி, சூரிய மறைவுக்கு முன் நிகழ்ந்தால் அன்றே மாதப் பிறப்பு. மறைவுக்குப் பின் நிகழ்ந்தால் மறுநாள் மாதப் பிறப்பு. இதுவே தமிழக வழக்கு. மலையாள வழக்கில் வரம்பு சூரிய மறைவு வரை நீள்வதில்லை, பிற்பகலிலேயே முடிந்துவிடுகிறது. எனவே எல்லைப்புற ஆவணங்களில் இவ்விரு வழக்குகளும் ஒருநாள் வேறுபடலாம்.

வாக்கிய முறையில் சித்திரைச் சங்கராந்தியைப் பின்வரும் வாய்பாட்டால் பெறலாம். K என்பது சென்ற கலி வருடம். தமிழ் வருடம் தொடங்கும் ஆங்கில ஆண்டுடன் 3101ஐக் கூட்டினால் அது கிடைக்கும். A என்பது கலித் தொடக்கத்திலிருந்து சென்ற நாள். அதன் பின்னப் பகுதி சூரிய உதயத்திலிருந்து சென்ற பொழுது. JDN என்பது ஜூலியன் நாளெண்.

```
A   = 365.2586805556 * K - 2.1475694
JDN = floor(A) + 588466
```

பிற மாதங்களுக்கு, இடைப்பட்ட மாதங்களின் வாக்கிய அளவுகளை A உடன் கூட்ட வேண்டும். சித்திரை தொடங்கித் தை வரை 275 நாள் 39 நாழிகை 30 விநாடி. 1867இன் சித்திரைச் சங்கராந்தியுடன் இதனைக் கூட்ட, 1868 ஜனவரி 12 அன்று உதயத்திலிருந்து 38ஆம் நாழிகை கடந்து தைச் சங்கராந்தி நிகழ்ந்தமை தெரிகிறது. பகல் 30 நாழிகையுடன் முடிவதால் மாதம் மறுநாள் பிறக்கிறது. தை 1 என்பது ஜனவரி 13. தை 5 என்பது 1868-01-17. அந்நாள் வெள்ளிக்கிழமையே.

எல்லையில் நிற்கும் ஒரு தேதி

எல்லாத் தேதிகளும் இத்துணை எளிதில் தீர்வதில்லை. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு தொடங்கும் நாளான நள வருடம் ஆவணி 25 வியாழக்கிழமை இதற்குத் தக்க சான்று. நள வருடம் 1736 ஏப்ரலில் தொடங்கியது. கணக்கின்படி சித்திரைச் சங்கராந்தி ஏப்ரல் 9 அன்று 5 நாழிகை 25 விநாடியில் நிகழ்ந்தது. ஆவணி வரை உள்ள 125 நாள் 24 நாழிகை 34 விநாடியைக் கூட்டினால் ஆகஸ்டு 12 அன்று 29 நாழிகை 59 விநாடி என வருகிறது. முப்பது நாழிகைக்கு ஒரு விநாடியே, அதாவது 24 நொடியே குறைவு.

விதியை எழுத்துப்படி கொண்டால் ஆவணி 1 என்பது ஆகஸ்டு 12. ஆவணி 25 என்பது செப்டம்பர் 5, புதன்கிழமை. ஆனால் இக்கணக்கு உஜ்ஜயினியின் நெடுவரையைச் சார்ந்தது. புதுச்சேரி அதற்குக் கிழக்கே நான்கு பாகை அளவில் இருப்பதால், அங்கு அதே கணம் ஏறத்தாழ 16 நிமிடம் பிந்திய உள்ளூர்ப் பொழுதாகும். ஆவணித் தொடக்கத்தில் பகல் சிறிது நீண்டிருத்தலால் சூரிய மறைவும் ஏறக்குறைய அந்நேரத்திலேயே அமைகிறது. இந்நிலையில் வாய்பாடு தீர்ப்பளிக்க இயலாது. பதிவில் உள்ள கிழமை தீர்ப்பளிக்கிறது. வியாழன் என்பதற்கு ஆவணி 1 ஆகஸ்டு 13ஆக இருந்தால்தான் பொருத்தம் உண்டு. நாட்குறிப்பே உடன் தரும் ஐரோப்பியத் தேதியான 1736 செப்டம்பர் 6 இதனை உறுதிசெய்கிறது. கிழமையைத் தரவில் சேர்க்காமல் விட்டிருந்தால் அம்மாதத்துப் பதிவுகள் முழுவதும் ஒருநாள் முன்னே சென்றிருக்கும், பிழையும் புலப்பட்டிராது.

எந்த ஐரோப்பிய நாட்காட்டி?

ஆண்டு-மாதம்-நாள் என்னும் பொதுவடிவம் கிரிகோரியன் நாட்காட்டியையே குறிக்கும். புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் அதனைப் பயன்படுத்தினர். சென்னையில் இருந்த ஆங்கிலேயரோ 1752 செப்டம்பர் 2 வரை ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றினர். நாட்குறிப்பின் 1736-09-06 என்னும் நாள், ஜார்ஜ் கோட்டை ஆவணத்தில் ஆகஸ்டு 26 என இருக்கும். இரண்டையும் மாற்றாமல் ஒரே அட்டவணையில் இட்டால், புதுச்சேரியில் நிகழ்ந்ததைப் பற்றிய செய்தி, நிகழ்வதற்குப் பத்து நாள் முன்பே சென்னை ஆவணத்தில் பதிவானதாகத் தோற்றம் தரும். தமிழ்த் தேதி இவ்விரு வழக்கிற்கும் அப்பாற்பட்டது என்பதால், தமிழ்த் தேதியும் உடனெழுதிய ஆவணம் இத்தகைய ஒப்பீட்டிற்கு நம்பகமான அடிப்படையாகிறது.

முடிவுரை

மாற்றப்பட்ட தேதியை மட்டும் சேமித்தல் போதாது. ஏட்டில் உள்ளவாறான வாசிப்பு, பதிவில் எழுதிய கிழமை, கணக்கில் வந்த கிழமை, சங்கராந்திப் பொழுது ஆகியவை தனித்தனிப் புலங்களாக இடம்பெறல் வேண்டும். இரு கிழமைகளும் ஒன்றினால் தேதி உறுதி. ஒருநாள் வேறுபட்டுச் சங்கராந்தி 30 நாழிகையை ஒட்டியிருந்தால் மாதப் பிறப்பை ஒருநாள் நகர்த்தி, அம்மாதத்துப் பிற பதிவுகளாலும் சோதித்துக் கொள்ளலாம். சங்கராந்தி எல்லையில் இல்லாமலே கிழமை வேறுபட்டால் வாசிப்பையோ வருடச் சுழற்சியையோ ஐயுற வேண்டும். நள்ளிரவுக்குப் பின் நிகழ்ந்தவற்றில், உதயத்தில் தொடங்கும் தமிழ் நாள் முந்தைய கிழமையையே காட்டும் என்பதும் கருதத்தக்கது. கிழமை எழுதப்படாத பதிவில் எல்லைத் தேதி வருமாயின் அதனை ஒரே நாளாக முடிவுசெய்யாது, இரு நாள்களையும் குறித்து வைப்பதே ஆய்வு நெறிக்கு உகந்தது.