குழாய்வழி உணவு: அரைத்த கஞ்சியும் சத்துமாவுத் தயாரிப்பும்

மூக்குக் குழாயில் வீட்டுக் கஞ்சி இறங்கவில்லையெனில் நீர் சேர்க்கத் தோன்றும். 200 மி.லி. கஞ்சியில் 100 மி.லி. நீர் கலந்து, அதில் 200 மி.லி. மட்டும் செலுத்தினால், நோயாளி பெறுவது மூன்றில் இரு பங்குச் சத்தே. எடை குறைந்த பின்னரே அது தெரியவரும். ஆகவே மேலும் மென்மையாக அரைத்து, நுண்சல்லடையில் வடிகட்டவும். நிறுவனத் தயாரிப்பு மாவைக் குறித்த அளவில் கலந்தால் சத்து மாறாது, விலைதான் மிகுதி.

கைகளையும் மிக்சி ஜாரையும் சோப்பிட்டுக் கழுவவும். அறை வெப்பத்தில் 2 மணி நேரம் கடந்த கஞ்சியைக் கொட்டிவிடவும்.

வீடு திரும்புமுன் செவிலியர் முன்னிலையில் நீங்களே உணவு கலந்து, மூக்கருகே குழாய்க்குறி இடம் மாறாததைச் சரிபார்த்து, செலுத்தி, குழாயை நீரால் அலசிக் காட்டவும். உதவியின்றிச் செய்த ஒவ்வொரு படிக்கும் பயிற்சி அட்டையில் தேதியும் கையொப்பமும் பெறவும். ‘விளக்கப்பட்டது’ என்ற பதிவு போதாது.