கீறல் ஒன்றுதான்... ஜி.ஐ. ஷீட் தாங்குது, டின் டப்பா ஓட்டையாகுது! ஏன் தெரியுமா?

மாடியில் போட்ட ஜி.ஐ. ஷீட்டில் ஆணி உரசி ஒரு கோடு விழுகிறது. இரண்டு மூன்று மழைக்காலம் போனாலும் அந்த இடத்தில் துரு தெரிவதில்லை. அதே அளவு கீறல் ஒரு பிஸ்கட் டின்னில் விழுந்து ஈரம் பட்டால், ஓரிரு நாளிலேயே பழுப்புக் கோடு வந்துவிடுகிறது. அப்படியே ஈரத்தில் கிடந்தால் ஓட்டையும் விழுகிறது. பேச்சு வழக்கில் இரண்டையும் 'தகரம்' என்றுதான் சொல்கிறோம். இரண்டுக்கும் உள்ளே இருப்பதும் இரும்புத் தகடுதான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

பதில், மேலே பூசியிருக்கும் உலோகத்தில் இருக்கிறது. ஜி.ஐ. ஷீட்டில் இருப்பது துத்தநாகம், அதாவது ஜிங்க். டின் டப்பாவில் இருப்பது வெள்ளீயம்.

முதலில், துரு எப்படிப் பிடிக்கிறது?

இரும்பின் மேல் ஒரு துளி தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். துளிக்கு அடியில் ஓர் இடத்தில் இரும்பு தன் எலக்ட்ரான்களை விட்டுவிட்டுத் தண்ணீரில் கரையத் தொடங்கும். அந்த எலக்ட்ரான்கள் உலோகம் வழியாகவே இன்னோர் இடத்துக்கு ஓடும். அங்கே தண்ணீரும் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் அவற்றை வாங்கிக்கொள்ளும். கரைந்த இரும்பு மேலும் ஆக்சிஜனுடன் சேர்ந்ததும் பழுப்பு நிறத் துருவாகப் படிகிறது.

சுருக்கமாகச் சொன்னால், இது ஒரு குட்டி பேட்டரி. தண்ணீர், ஆக்சிஜன் இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வேலை செய்யாது. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் எளிதாகக் கடக்கும். கடற்கரை வீடுகளில் துரு வேகமாகப் பிடிக்க இதுவே முக்கியக் காரணம்.

இந்த பேட்டரியில் கரைவது யார் என்பதுதான் கேள்வி. எலக்ட்ரானை எளிதாக விடும் உலோகம்தான் கரையும். இதை அளக்க ஒரு கணக்கு உண்டு. துத்தநாகத்துக்கு மைனஸ் 0.76 வோல்ட், இரும்புக்கு மைனஸ் 0.44, வெள்ளீயத்துக்கு மைனஸ் 0.14. மைனஸ் பக்கம் அதிகமாகப் போகப் போக, எலக்ட்ரானை விடும் குணமும் அதிகம். இரும்பு நடுவில் இருப்பதைக் கவனியுங்கள். மொத்த விஷயமும் அதில்தான் இருக்கிறது.

ஜி.ஐ. ஷீட்டில் கீறல் விழுந்தால்...

கீறலில் இரும்பு வெளியே தெரிகிறது, இரண்டு பக்கமும் துத்தநாகம் இருக்கிறது. மழைநீர் பட்டதும் துத்தநாகம் முந்திக்கொண்டு எலக்ட்ரான்களை விடும். அவை இரும்புக்குள் பாய்வதால், இரும்பு தன்னுடையதை விட வேண்டிய அவசியமே இல்லை. தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றுவதால் இதைத் 'தியாகப் பாதுகாப்பு' என்கிறார்கள்.

கரைந்த துத்தநாகமும் வீணாகப் போவதில்லை. காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து, வெளிர் சாம்பல் நிறப் படலமாகக் கீறலைச் சுற்றிப் படியும். அதனால் அடுத்த மழைக்கு அரிப்பின் வேகம் குறையும்.

டின் டப்பாவில் நடப்பது தலைகீழ்

வெள்ளீயப் பூச்சு மிக மெல்லியது. பெரும்பாலும் ஒரு மைக்ரானை ஒட்டித்தான் இருக்கும். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பூச்சு முழுதாக இருக்கும்வரை தண்ணீரும் காற்றும் உள்ளே போகாது, இரும்பு பத்திரம்.

கீறல் விழுந்துவிட்டால் கதை மாறுகிறது. இங்கே எலக்ட்ரானை எளிதாக விடுவது இரும்பு. ஆகவே, வெள்ளீயத்துக்காக இரும்பு கரைகிறது. பூச்சே இல்லாத இரும்பாக இருந்தால் துரு பரவலாகப் பிடிக்கும். இங்கே, கீறலில் தெரியும் இரும்பு ஒரு நூல் அகலம்தான், சுற்றியுள்ள ஈரமான வெள்ளீயப் பரப்போ பெரியது. அந்தப் பரப்பு முழுவதும் எலக்ட்ரான் கேட்க, கொடுக்க வேண்டியது அந்தச் சின்ன இடம் மட்டுமே. அரிப்பு பக்கவாட்டில் பரவாமல் ஆழமாக இறங்குகிறது. தகடு அரை மில்லிமீட்டர் கூட இல்லை என்பதால் சீக்கிரம் ஓட்டை விழுகிறது.

அப்போ உணவு டின்னுக்கு ஏன் வெள்ளீயம்?

துத்தநாகம் புளிப்பில் எளிதாகக் கரைந்து உணவில் கலந்துவிடும். மோர், புளிக்குழம்பு, ஊறுகாய் போன்றவற்றை ஜி.ஐ. வாளியில் வைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

இன்னொரு சுவாரஸ்யமும் உண்டு. உட்புறம் வார்னிஷ் போன்ற பூச்சு இல்லாத அன்னாசிப் பழ டின்னை எடுத்துக்கொள்ளுங்கள். மூடிய டின்னுக்குள் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. கரையும் கொஞ்ச வெள்ளீயத்தைப் பழத்தின் சிட்ரிக் அமிலம் பிடித்து வைத்துக்கொள்கிறது. இதனால் வரிசையே மாறி, உள்ளே வெள்ளீயம் இரும்புக்காகக் கரையத் தொடங்குகிறது. வெளியே கைவிடும் அதே உலோகம், உள்ளே காவல் காக்கிறது!

ஆனால் டின்னைத் திறந்ததும் காற்று புகுந்து, வெள்ளீயம் வேகமாகக் கரையும். பதப்படுத்திய டின் உணவில் வெள்ளீயம் ஒரு கிலோவுக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது சர்வதேச வரம்பு. எனவே திறந்த டின்னை அப்படியே ஃப்ரிட்ஜில் வைக்காமல், மிச்சத்தைக் கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

துத்தநாகத்துக்கும் எல்லை உண்டு

இந்தப் பாதுகாப்பு எட்டுவது சில மில்லிமீட்டர் தூரம்தான். மெல்லிய கீறல், திருகாணி ஓட்டை, வெட்டிய விளிம்பு ஆகியவற்றைச் சமாளிக்கும். வெல்டிங் வைத்தால் சூட்டில் சுற்றியுள்ள துத்தநாகம் எரிந்துபோய்விடும். அவ்வளவு அகலத்தை அதனால் காப்பாற்ற முடியாது. அந்த இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, 'ஜிங்க் ரிச்' பெயிண்ட் அடிக்க வேண்டும். அதில் துத்தநாகத் தூள் நிறைய இருப்பதால், பூச்சின் வேலையை அதுவும் செய்யும். வெறும் சில்வர் பெயிண்ட் அதைச் செய்யாது.

துத்தநாகம் தீர்ந்தால் பாதுகாப்பும் தீரும். அதனால் ஷீட் வாங்கும்போது ஜி.எஸ்.எம். எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு சதுர மீட்டர் ஷீட்டில் இரண்டு பக்கமும் சேர்த்து எத்தனை கிராம் துத்தநாகம் இருக்கிறது என்பதே அந்த எண். 120 என்றால் ஒரு பக்கத்துக்குச் சுமார் 8 மைக்ரான். 275 என்றால் சுமார் 19 மைக்ரான். ஒரே இடத்தில், ஒரே தடிமன் ஷீட்டாக இருந்தாலும், இரண்டாவது இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும் என்று எதிர்பார்க்கலாம்.

நிறத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம்

ஜி.ஐ. ஷீட்டின் கீறலில் வெண்மையோ சாம்பல் நிறமோ தெரிந்தால், துத்தநாகம் இன்னும் வேலை செய்கிறது. பழுப்பு தெரிய ஆரம்பித்தால் அந்த இடத்தில் அது தீர்ந்துவிட்டது. ஓட்டை விழும்வரை காத்திருக்காமல் அப்போதே பெயிண்ட் அடிப்பது நல்லது.

உணவு டின்னுக்கு இந்த அவகாசம் கிடையாது. மேலோட்டமாகத் துடைத்தால் போகும் துரு பரவாயில்லை. துடைத்தும் போகாமல் குழி விழுந்திருந்தாலோ, மடிப்பில் கசிவு இருந்தாலோ, டின் உப்பியிருந்தாலோ ருசி பார்க்கக்கூடத் திறக்காதீர்கள். ஊசிமுனை அளவு ஓட்டை போதும், கிருமி உள்ளே போய்விடும்.